தன்னையா, ஒருவரையொருவரா?
தம்பானூர் நிலையத்தில் இரு நண்பர்கள் ரயிலைத் தவறவிட்டதாகக் கொள்வோம். ‘தே பிளேம்டு தெம்செல்வ்ஸ்’ என்றால் ஒவ்வொருவரும் தன்னைத்தானே நொந்துகொண்டார் என்று பொருள். ‘தே பிளேம்டு ஈச் அதர்’ என்றால் இவர் அவரையும் அவர் இவரையும் குறை சொன்னார்கள். தமிழில் ‘திட்டிக்கொண்டார்கள்’ என்ற ஒரே வினை இரண்டுக்கும் இடம் தரும். ‘கொள்’ என்னும் துணைவினை இரு வேலையையும் செய்கிறது. ‘பிளேம்’ என்னும் ஆங்கில வினைக்கு அந்த வசதி இல்லை. பிரதிப்பெயர்தான் வேறுபாட்டைக் காட்ட வேண்டும்.

‘கொள்’ வரும் இடமெல்லாம் ஆங்கிலத்திலும் ஏதாவது சேர்க்க நினைப்பதே பிழைக்கு வழி. ‘சந்தித்துக்கொண்டார்கள்’ என்பதற்கு ‘தே மெட்’ போதும். ‘தே மெட் தெம்செல்வ்ஸ்’ தவறு. சவரம் செய்துகொள்வதற்கு ‘ஐ ஷேவ்டு’ போதும், ஏனெனில் யாருக்கு என்பது வினையிலேயே அடங்கியிருக்கிறது. மாறாக, பொழுது இனிதாகக் கழிந்தது என்பதற்கு, ‘என்ஜாய்டு’ என்று மட்டும் நிறுத்தாமல், ‘ஐ என்ஜாய்டு மைசெல்ஃப்’ என்பதே முறை. ‘மைசெல்ஃப் குமார்’ என்ற அறிமுகமும் இலக்கணப்படி நிற்காது. ‘மைசெல்ஃப்’ தனியே எழுவாயாக வராது. அங்கே ‘ஐ ஆம் குமார்’ என்பதே சரி.