வாசலில் படுத்திருக்கும் தாய்

நம் சிறுகதைகளில் ஒரு தாய் திரும்பத் திரும்ப வருகிறாள். மனம் சிதைந்த மகனின் அறை வாசலில் பாய் விரித்துப் படுப்பாள். அவன் உண்ணாமல் தான் உண்ண மாட்டாள். இறுதியில் அவனுக்காகவே அழிந்து போவாள். நாமும் கண் கலங்கிப் பக்கத்தை மூடுவோம். இந்தத் தியாக அழகியலை நான் எதிர்க்கிறேன். அது தாயை அழிப்பதோடு நிற்பதில்லை. மகனையும் மீண்டும் நோய்க்குள் தள்ளக்கூடியது.

இது என் ஊகம் அன்று. 1950களின் பிற்பகுதியில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மருத்துவமனையிலிருந்து வெளியேறிய மனச்சிதைவு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார். தனியறை எடுத்துத் தங்கியவர்களைக் காட்டிலும், பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களுக்கே நோய் அதிகம் திரும்பியது. ஓயாத குறைகூறல், பகைமை, மிகையான ஈடுபாடு ஆகிய மூன்றும் பின்னர் அளக்கப்பட்டன. 1976இல் வான், லெஃப் வெளியிட்ட ஆய்வில், இவை மிகுந்த வீடுகளில் ஒன்பது மாதங்களுக்குள் பாதிப் பேருக்கு நோய் திரும்பியது. மற்ற வீடுகளில் 13 விழுக்காட்டினருக்கே. மிகுந்த வீடுகளிலும், மருந்து தவறாமல், முகத்துக்கு முகம் இருப்பது வாரத்துக்கு 35 மணி நேரத்துக்குக் குறைந்தால் ஆபத்து வெகுவாகத் தணிந்தது.

‘அது வெள்ளைக்காரன் குடும்பம்’ என்பார்கள். 1980களில் சண்டிகரில் ஆராய்ந்தபோது இத்தகைய வீடுகள் இங்கு குறைவு என்றே தெரிந்தது. குறைவுதான், இல்லாமல் இல்லை. எங்கள் வீடு அவற்றில் ஒன்று.

என் அண்ணனுக்கு இருபத்திரண்டு வயதில் நோய் வந்தது. அவன் விழித்திருக்கும் பதினான்கு மணி நேரமும் அம்மா அவனுடன்தான். வாரத்துக்கு 98 மணி. மருத்துவர் கேட்டால் அவளே பதில் சொல்வாள். மாத்திரை விழுங்கினானா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். மாலையில் சலித்துப்போய் அவளே திட்டுவாள். இரவில் அவன் கத்துவான்.

நாங்கள் செய்தது எளிய கழித்தல் கணக்கு. திங்கள் முதல் சனி வரை அண்ணன் பகல்நேரப் பராமரிப்பு மையத்துக்கு ஏழு மணி நேரம் போனான்: 42 கழிந்தது. அம்மா தினமும் இரண்டு மணி நேரம் கோயில்: 14. ஞாயிறு முழுதும் சித்தி வீடு: இன்னும் 12. எஞ்சியது 30.

“பெத்தவளே விட்டுட்டுப் போறான்னு ஊர் பேசுமேடா” என்றாள்.

“பேசட்டும்மா. நீ சாயங்காலம் திரும்பி வருவேல்ல” என்றேன்.

அண்ணனுக்கு இன்றும் குரல்கள் கேட்கின்றன. மருந்து தொடர்கிறது; இந்தக் கணக்கு அதற்கு மாற்றன்று. சாவைப் பற்றி அவன் பேசும் நாளில் யாரும் வெளியே போவதில்லை. அன்றே மருத்துவரிடம் போகிறோம். ஆனால் இரவுக் கத்தல் அடங்கிவிட்டது. அம்மா தன் அறையில் கட்டிலில் உறங்குகிறாள்.

குடும்பத்தார் நோயைத் தோற்றுவித்தார்கள் என்று இந்த ஆய்வுகள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சித்தி வீட்டுக்குப் போகும் தாயைக் கல்நெஞ்சக்காரி என எழுதும் கதாசிரியர்களிடம் மட்டுமே என் வழக்கு. அவள் போவதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.