இயலாது என்று அயலாருக்கு எழுதும்போது



மும்பையிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்திற்கு இம்முறை பதில் தருகிறேன். பெயரையும் பகுதியையும் தவிர்த்து வெளியிட அவர் அனுமதி அளித்திருக்கிறார். அவர் மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. அதே மாடியில் குடியிருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்தின் மகன் மாநகராட்சியின் ஆங்கிலவழிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். கணக்கில் மிகவும் பின்தங்கியிருக்கிறான். தினமும் மாலையில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்கும்படி அவனுடைய தாய் கேட்டு, மாதம் 500 ரூபாய் தருவதாகவும் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். சகோதரியின் மகளோ பத்தாம் வகுப்பு. மாமியார் படுக்கையில் இருக்கிறார். “முடியாது என்று சொன்னால் பத்து வருட உறவு கெடும், முடியும் என்று சொன்னால் என் வீடு கெடும். எப்படி எழுதுவது?” என்று கேட்கிறார்.

சகோதரி, முதலாவது நாள் கடத்தாதிருங்கள். நீதிமொழிகள் 3:28 அயலானை நாளைக்கு வரச் சொல்லித் திருப்பி அனுப்புவதைக் கண்டிக்கிறது. கையில் இல்லாததைக் கொடுக்கும்படி அது கட்டளையிடவில்லை. காத்திருக்க வைப்பதையே குறை கூறுகிறது. ஜூன் மாதத்தில் பள்ளி திறந்தவுடனே நம் பகுதிகளில் டியூஷன் இடங்கள் நிரம்பிவிடும். நீங்கள் “பார்க்கலாம்” என்று சொல்லும் ஒவ்வொரு வாரமும் அந்தத் தாய் வேறு இடம் தேடாமல் இருக்கிறார். நம் ஊர்ப் பேச்சில் “பார்க்கலாம்” என்பதற்குப் பாதிச் சம்மதம் என்றே பொருள். ஆகையால் மூன்று நாளுக்குள் பதில் கொடுங்கள்.

இரண்டாவது, காரணத்தை எவ்வளவு சொல்வது என்பதைப் பற்றி. மத்தேயு 5:37 இங்கே நேராகப் பொருந்தும். ஆறு காரணங்களை அடுக்கினால் அவர் ஆறிற்கும் வழி சொல்வார். “மாமியாருக்கு மருந்து கொடுக்க வேண்டும்” என்றால், “மருந்து கொடுத்த பிறகு அனுப்புகிறேன்” என்பார். “மகளுக்குத் தேர்வு” என்று மட்டும் எழுதினால், தேர்வு முடிந்த மறுநாள் பையன் புத்தகத்தோடு வாசலில் நிற்பான். மாலை நேரம் முழுவதும் வீட்டிற்கே தேவைப்படுகிறது என்று ஒரே வாக்கியமாகச் சொல்லி, இந்த ஆண்டு முழுவதும் இயலாது என்று கால அளவையும் எழுதிவிடுங்கள். அடுத்த ஆண்டைப் பற்றி வாக்குக் கொடுக்க வேண்டாம்.

உங்களுக்கு வேறொரு காரணமும் உண்டு. அதைப் பல ஆசிரியர்கள் அறிந்திருந்தும் சொல்வதில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, தன் 28ஆம் பிரிவில் பள்ளி ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது. 500 ரூபாய் வாங்கிக்கொண்டு பாடம் சொல்லிக்கொடுப்பது அதற்குள் அடங்கும். இதை ஒரு வரியில் எழுதுங்கள். ஆனால் இதன் பின்னால் ஒளிந்துகொள்ளாதிருங்கள். சட்டத்தை மட்டும் காரணம் காட்டினால், “பணம் வேண்டாம் அக்கா, சும்மாவே சொல்லிக்கொடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது?” என்ற பதில் வரும். மெய்யான காரணம் உங்கள் வீடு. சட்டம் அதற்குத் துணை நிற்கிறது, அவ்வளவே.

அதே சட்டத்தில் அந்தத் தாய்க்கு உதவியான ஒன்றும் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் கணித்து, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிப்பதும், பெற்றோரைச் சந்தித்துப் பிள்ளையின் முன்னேற்றத்தைத் தெரிவிப்பதும் ஆசிரியரின் கடமை என்று 24ஆம் பிரிவு கூறுகிறது. எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு இது பொருந்தும். (சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தப் பையன் படிப்பதோ மாநகராட்சிப் பள்ளி.) ஆகவே அவர் முதலில் தட்ட வேண்டிய கதவு வகுப்பாசிரியருடையது. கிராமத்திலிருந்து வந்த நம் தாய்மார் பலர் மராத்தியும் ஆங்கிலமும் சரளமாக வராததால் பள்ளி வாசலைத் தாண்டக் கூச்சப்படுகிறார்கள். என்ன கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதே அவருக்குப் பெரிய உதவி.

வழி காட்டாமல் மறுப்பது, குளிரில் நிற்கிறவனை ஆசீர்வதித்து வெறுங்கையாய் அனுப்புவது போன்றது. யாக்கோபு 2ஆம் அதிகாரம் அதைத்தான் கடிந்துகொள்கிறது. ஆனால் காட்டும் வழி திறந்திருக்கிறதா என்று நீங்களே முன்னதாகப் பார்த்துவிட வேண்டும். சபையில் பி.எஸ்சி. படிக்கும் தங்கை ஒருத்தியைச் சொல்லலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. அவள் பள்ளி ஆசிரியை அல்ல என்பதால் 28ஆம் பிரிவு அவளைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் அவளைக் கேட்டு, அவள் சம்மதித்த பின்பே கடிதத்தில் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் தோளிலிருந்து இறக்கிய சுமையை அவள் அறியாமலே அவள் தலையில் வைத்தவராவீர்கள். பையனின் வீட்டிலேயே, தாய் இருக்கும் நேரத்தில், கதவு திறந்திருக்க அமர வேண்டும். சம்பளத்தை இரு வீட்டாரும் நேராகப் பேசிக்கொள்ளட்டும். நீங்கள் நடுவில் நிற்க வேண்டாம்.

மூன்றாவதாக, நீங்கள் ஏற்கெனவே அந்தப் பையனின் நோட்டைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதிலே கண்டதைச் சொல்லிவிடுங்கள். அதற்கு மாலைப் பொழுது தேவையில்லை. 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதியிருக்கிறான் என்றீர்கள். இது கவனக்குறைவு அல்ல. 2இலிருந்து 7 போகாது என்று கண்டவுடன், இலக்கங்களைத் திருப்பி 7இலிருந்து 2ஐக் கழித்து 5 என்று போடுகிறான். பத்திலிருந்து கடன் வாங்குவது அவனுக்கு ஒருபோதும் விளங்கவில்லை. வகுத்தலுக்குள்ளே கழித்தல் இருப்பதால் ஐந்தாம் வகுப்பில் வகுத்தலும் சேர்ந்தே தவறிப்போகிறது. இதைச் சரிசெய்ய ஆங்கிலம் வேண்டாம்; பத்து ரூபாய் நோட்டும் ஒரு ரூபாய் நாணயமும் போதும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். உங்கள் சொற்களில் மாற்றிக்கொள்ளுங்கள்.

“அன்புள்ள தங்கைக்கு, நீங்கள் கொடுத்த சீட்டைப் படித்தேன். மகனை நம்பி என்னிடம் ஒப்படைக்க நினைத்ததற்கு நன்றி. இந்த ஆண்டு என்னால் அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க இயலாது. என் மாலை நேரம் முழுவதும் அத்தைக்கும் மகளுக்கும் வேண்டியிருக்கிறது. பள்ளி ஆசிரியர்கள் டியூஷன் எடுக்கக் கூடாது என்று சட்டமும் இருக்கிறது.

அவன் நோட்டைப் பார்த்தேன். அவனுக்குப் புத்தி குறைவில்லை. கழித்தலில் கடன் வாங்குவது மட்டும் புரியவில்லை. தினமும் பதினைந்து நிமிடம் இதைச் செய்யுங்கள். ஐந்து பத்து ரூபாய் நோட்டும் இரண்டு ஒரு ரூபாய் நாணயமும் அவன் கையில் கொடுத்து, ‘எனக்கு 27 ரூபாய் கொடு’ என்று கேளுங்கள். இரண்டு நோட்டைக் கொடுத்துவிட்டு, 7 ரூபாய்க்குத் தடுமாறுவான். ஒரு நோட்டை உங்களிடம் மாற்றிப் பத்து நாணயம் வாங்கிக்கொள்ளட்டும். 27 போக 25 மிஞ்சுவதை அவனே எண்ணிப் பார்க்கட்டும். தொகையை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இரண்டு வாரம் கழித்துத் தாளில் 63 கழித்தல் 28 எழுதிக் கொடுங்கள். 35 என்று வந்தால் பிடித்துக்கொண்டான். 45 என்று வந்தால் இன்னும் திருப்பித்தான் கழிக்கிறான், நாணயத்திற்கே திரும்புங்கள்.

நாளை பள்ளிக்குப் போய் வகுப்பாசிரியரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ‘கழித்தலுக்குக் கூடுதலாகப் பயிற்சி கொடுப்பீர்களா, எந்த நாளில்?’ என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கு மேலும் டியூஷன் வேண்டுமானால், எங்கள் சபையில் கல்லூரி படிக்கும் பெண் ஒருத்தி வாரம் மூன்று நாள் உங்கள் வீட்டிற்கு வந்து சொல்லிக்கொடுக்கச் சம்மதித்திருக்கிறாள். ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அன்புடன், அக்கா.”

இவ்வளவு போதும். ஒன்று கவனியுங்கள்: பாடப்புத்தகத்தில் உள்ள சதுரக் குறியைக் கைப்பேசியில் படம்பிடித்தால் ‘தீக்ஷா’ தளத்தில் பாடம் கிடைக்கும் என்று சிலர் உடனே சொல்வார்கள். அது உண்மை, இலவசமுங்கூட. ஆனால் ஐந்தாம் வகுப்புப் பாடத்தைக் காணொளியில் மறுபடி பார்ப்பதால், இரண்டாம் மூன்றாம் வகுப்பில் விட்டுப்போன கழித்தல் வந்துவிடாது. ஆகையால் அதைக் கடிதத்தில் சேர்க்கவில்லை.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு சகோதரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள்: “பையனை வரச்சொல்லுங்கள், அதன் வழியாகக் குடும்பமே ஆராதனைக்கு வரும்” என்று. இதை நான் ஏற்பதில்லை. கணக்குக்காக வருகிற பிள்ளைக்குக் கணக்கைத்தான் கொடுக்க வேண்டும். தாய் ஒன்றைக் கேட்டிருக்க, நாம் வேறொன்றை மனதில் வைத்துச் சம்மதிப்பது நேர்மையல்ல, சாட்சியுமல்ல. நேரமில்லாதபோது இந்த எண்ணத்துக்காக ஒப்புக்கொண்டு, இரண்டாம் மாதம் சலித்து நிறுத்துவீர்களானால் கெடுவது ஆண்டவருடைய பெயர். சபைத் தங்கைக்கும் இதைச் சொல்லியே அனுப்புங்கள்.

கடிதத்தைப் பையனிடம் கொடுத்தனுப்பாதீர்கள். தன்னைப் பற்றி எழுதியதை அவன் வழியிலேயே படிப்பான். வாட்ஸ்அப்பிலும் அனுப்ப வேண்டாம். அது மாலைக்குள் குடும்பக் குழுவில் நிற்கும். நீங்களே கையில் கொடுங்கள். அவருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது என்றால் (மும்பையில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் அப்படியே) உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். சீட்டைக் கணவர் பார்ப்பதற்காக வைத்துவிட்டு வாருங்கள். வாய்ச்சொல்லாகப் போனால் அவர் வேலையிலிருந்து வந்ததும் “அக்கா மாட்டேன் என்றுவிட்டார்” என்ற மூன்று சொல்லாகச் சுருங்கிவிடும். நாணயமும் வகுப்பாசிரியரும் அதில் இருக்கமாட்டார்கள்.

மறுபடியும் கேட்டால் புதிய காரணம் தேடாமல் எழுதியதையே சொல்லுங்கள். முதல் சில நாள் அவர் முகம் கொடுக்காமல் போகலாம். தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் நீங்கள் வழக்கம்போலப் பேசுங்கள். இரண்டு வாரம் ஆனதும், 63இல் 28 போக எவ்வளவு வந்தது என்று மறக்காமல் விசாரியுங்கள்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்