சில்லு மண்ணைப் பிடிக்கிறதா?

புதிய தொழிலொன்றைத் தொடங்க விரும்பும் இளைஞர்கள், முதலீட்டாளருக்கு இரண்டு நிமிடக் காணொளி ஒன்றை அனுப்பும் வழக்கம் இப்போது நம் நாட்டிலும் பரவிவிட்டது. பிரச்சினை, தீர்வு, வளர்ச்சிச் சான்று என்னும் மூன்று படிகளில் அது அமைய வேண்டும் என்பது விதி. மூன்றாவதை ஆங்கிலத்தில் ‘டிராக்ஷன்’ என்பார்கள். மழை பெய்த மலைப்பாதையில் லொறியின் சில்லு வெறுமனே சுழல்கிறதா, மண்ணைப் பற்றி முன்னே நகர்கிறதா என்பதைக் குறிக்கும் சொல் அது. நுவரெலியா வாசிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

நம் மாணவர்கள் எழுதும் காணொளி உரைகளிற் பெரும்பாலானவை, மூடுபனி சூழ்ந்த தேயிலை மலையை வானிலிருந்து காட்டித் தொடங்குகின்றன. அதிலேயே இருபது விநாடி கரைந்துபோகிறது. ஆனால் அதனினும் பெரிய குறை வேறொன்று உண்டு. துன்பப்படுபவர் யார் என்று சொல்கிறார்கள். பணம் கொடுப்பவர் யார் என்று சொல்வதில்லை. இவ்விருவரும் பல தொழில்களில் வெவ்வேறு ஆட்கள்.

சென்னையில் 2010ஆம் ஆண்டு கிரீஷ் மாத்ருபூதம் தொடங்கிய ‘பிரெஷ்டெஸ்க்’ நிறுவனத்தின் கதை இதற்கு நல்ல உதாரணம். அவர் அமெரிக்காவிலிருந்து இந்தியா திரும்பியபோது, அனுப்பிய பொருள்களில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டி உடைந்து வந்தது. இழப்பீடு கேட்டுப் பல மாதங்கள் எழுதியும் பயனில்லை. இணையத்தில் பலரும் கூடும் ஒரு மன்றத்தில் நடந்ததை எழுதினார். உடனே மன்னிப்பும் வந்தது, பணமும் வந்தது. இது துன்பப்பட்டவரின் கதை. ஆனால் உடைந்த பெட்டிக்காரர் எவரும் மென்பொருள் வாங்கப்போவதில்லை. வாங்குபவை, வாடிக்கையாளரின் முறைப்பாடுகளைக் கவனிக்க வேண்டிய நிறுவனங்கள். அத்தகைய மென்பொருளை விற்றுவந்த ஒரு பெரிய நிறுவனம் 2010இல் கட்டணத்தை உயர்த்தியதும், அதைப் பயன்படுத்தியவர்கள் கொதித்தெழுந்ததைக் கிரீஷ் படித்தார். பணம் கொடுப்பவரின் வலி அங்கேதான் தெரிந்தது. இரண்டு கதைகளும் சேர்ந்த பின்னரே அது ஒரு தொழிலாயிற்று.

இதை நம் மண்ணுக்குக் கொண்டுவருவோம். சிறு தேயிலைத் தோட்டக்காரர் ஒருவர் இருபது கிலோ கொழுந்தை வீதியோரத்திலுள்ள சேகரிப்பு இடத்துக்குக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தராசில் தொங்கவிட்டபின், சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று இரண்டு கிலோ கழிக்கப்படுகிறது. எதற்கு எவ்வளவு என்று எங்கும் எழுதப்படுவதில்லை. நம் மாணவர்கள் மின்தராசு ஒன்றைச் செய்கிறார்கள். மொத்த எடை, சாக்கின் எடை, ஈரக்கழிவு, நிகர எடை ஆகிய நான்கும் அந்த நொடியே தோட்டக்காரரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாகப் போகின்றன.

இதற்குப் பணம் கொடுப்பவர் யார்? தோட்டக்காரர் அல்லர். கொழுந்தை விலைக்கு வாங்கும் தொழிற்சாலையே. அதன் வலி என்ன? நிறுவையில் நம்பிக்கை இழந்தவர் அடுத்த வாரம் வேறொரு சேகரிப்பாளரிடம் கொழுந்தைக் கொடுத்துவிடுவார். கொழுந்து குறைந்தால் இயந்திரங்கள் சும்மா நிற்கும். ஆகவே, பிரச்சினைப் பகுதியை இப்படி எழுதலாம்:

“இவர் இருபது கிலோ கொண்டுவந்தார். பதினெட்டுக்குப் பணம் கிடைக்கிறது. ஏன் என்று அவருக்குத் தெரியாது. அடுத்த வாரம் இவர் இங்கே வரமாட்டார். தொழிற்சாலை இழப்பது இவரது இரண்டு கிலோவை அன்று, இருபது கிலோவையும்.”

இதற்கு முப்பது விநாடி போதும். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொற்களே வரும். ஆகவே இரண்டு நிமிடத்துக்கு இருநூறு சொற்களுக்கு மேல் எழுதக்கூடாது.

தீர்வுக்கு நாற்பத்தைந்து விநாடி. இங்கே பேச்சைக் குறைத்துச் செயலைக் காட்ட வேண்டும். அமெரிக்காவில் ‘டிராப்பொக்ஸ்’ நிறுவனத்தின் டுரூ ஹூஸ்டன் 2008இல் வெளியிட்ட காணொளி இவ்வகையில் புகழ்பெற்றது. ஒரு கணினியில் வைத்த கோப்பு மற்றொரு கணினியில் தானே தோன்றுவதை அவர் செய்து காட்டினார், அவ்வளவே. நம் காணொளியிலும் சாக்கு தராசில் ஏறட்டும், எண் தெரியட்டும், அதே காட்சியில், இடையில் வெட்டாமல், கைபேசி ஒலிக்கட்டும். வெட்டி ஒட்டிய காட்சியை முதலீட்டாளர் நம்பமாட்டார். மலைப்பள்ளத்தில் கைபேசிச் சமிக்ஞை கிடைக்காதே என்ற கேள்வி அவர் மனத்தில் எழும். சமிக்ஞை இல்லாதபோது தராசு கணக்கைத் தன்னுள்ளே சேமித்துவைத்துப் பின்னர் அனுப்புவதையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த முப்பது விநாடி வளர்ச்சிச் சான்றுக்கு. இங்கேதான் சில்லு வெறுமனே சுழல்வதைக் காண்கிறோம். “ஐந்நூறு பேர் எங்கள் பக்கத்தை விரும்பினார்கள், மூன்று பரிசுகள் பெற்றோம்” என்பவை சுழற்சி. டிராப்பொக்ஸின் காணொளியால் காத்திருப்போர் பட்டியல் ஒரே இரவில் 5,000இலிருந்து 75,000 ஆயிற்று. அது ஆவலுக்குச் சான்று. விற்பனைக்குச் சான்று அன்று. பிரெஷ்டெஸ்க் 2011 ஜூன் மாதத்தில் வெளியானபோது முதல் வாடிக்கையாளராக அவுஸ்திரேலியாவின் அட்வெல் கல்லூரி வந்தது. முதல் நூறு நாளில் நூறு வாடிக்கையாளர்கள் சேர்ந்தார்கள். அவர்கள் காசு கொடுத்தவர்கள். அவ்வாண்டிலேயே அக்செல் நிறுவனம் பத்து இலட்சம் டொலர் முதலிட்டது.

நம் மாணவர்களிடம் நூறு தொழிற்சாலைகள் இல்லை. ஒரே ஒரு சேகரிப்பு இடமும் ஆறு வாரமும் இருந்தால் போதும். “முதல் வாரம் நாற்பது பேர் கொழுந்து கொடுத்தார்கள். ஆறாம் வாரம் அவர்களில் முப்பத்தாறு பேர் இன்னும் இங்கேயே கொடுக்கிறார்கள். தொழிற்சாலை இரண்டாம் மாதத்துக்குக் கட்டணம் செலுத்திவிட்டது.” நான் கற்பனையாகச் சொன்ன இவ்வெண்களின் இடத்தில் உண்மையான எண்களே நிற்க வேண்டும். நான்கு பேர் ஏன் போனார்கள் என்று முதலீட்டாளர் கட்டாயம் கேட்பார். விடை தெரியாவிட்டால் காணொளியை இன்னும் எடுக்கக்கூடாது. அந்த நால்வரின் வீட்டுக்கு முதலில் நடக்க வேண்டும். வியாபாரத்துக்குப் பயன்படும் தராசு அரசின் பரிசோதனையும் முத்திரையும் பெற்றிருக்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. முத்திரையற்ற தராசு காட்டும் எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் செல்லாது.

எஞ்சிய பதினைந்து விநாடி, கேட்கும் தொகைக்கு. “தொழிலை விரிவாக்க நிதி வேண்டும்” என்பது ஒன்றும் சொல்லாத வாக்கியம். “பத்துத் தராசு செய்ய இவ்வளவு வேண்டும், இரண்டாவது தொழிற்சாலையும் கட்டணம் செலுத்துகிறதா என்பது ஆறு மாதத்தில் தெரிந்துவிடும்” என்றால், கொடுப்பவருக்குத் தாம் எதை வாங்குகிறோம் என்பது விளங்கும்.

உரையை எழுதி முடித்ததும் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். பின்னர் ஒரே கேள்வி கேளுங்கள்: “இதற்குக் காசு கொடுப்பது யார்?” அவர் “தோட்டக்காரர்” என்று சொன்னால், முதல் முப்பது விநாடியைத் திரும்ப எழுத வேண்டும்.