கம்பம் பிசகினால் கோடு பிசகும்

உதைபந்தாட்ட மைதானத்தில் வெண்கோடு இடுவதென்றால், நால்வர் கூடி, முளை அடித்து, நூல் பிடித்து, அரைநாள் வெயிலில் நிற்றல் வேண்டும். இன்று பல நாடுகளில் அவ்வேலையைச் சில்லுகள் பூட்டிய சிறு ரோபோ வண்டியொன்று தனியே செய்து முடிக்கின்றது. அதற்கு நூலும் வேண்டியதில்லை, முளையும் வேண்டியதில்லை. வானத்துச் செய்மதிகளின் அலைகளைக் கேட்டே அது தன் இடத்தை அறிகின்றது. ஆட்ட விதிப்படி கோட்டின் அகலம் 12 சென்ரிமீற்றருக்கு மேற்படலாகாது. ஆதலின் வண்டி தன் இடத்தை ஓரிரு சென்ரிமீற்றருக்குள் அறிந்திருத்தல் அவசியம். நமது கைத்தொலைபேசியும் அதே செய்மதிகளைத்தான் கேட்கின்றது. ஆயினும் அது சில மீற்றர் பிழையுடனேயே இடத்தைக் காட்டுகின்றது. வண்டிக்கு மட்டும் இத்துணை நுட்பம் எங்கிருந்து வந்தது?

ஜீ.பி.எஸ். செய்மதி ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20,000 கிலோமீற்றர் உயரத்திலிருந்து வானொலி அலையை அனுப்புகின்றது. அவ்வலையின்மீது நேரத்தைச் சொல்லும் குறியீடு ஒன்று ஏற்றப்பட்டிருக்கும். கைத்தொலைபேசி அக்குறியீடு வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கின்றது. சாதாரணக் குறியீட்டின் ஒரு துண்டு ஏறக்குறைய 300 மீற்றர் நீளமானது. அத்துணை நீண்ட அளவுகோலைக் கொண்டு ஒரு சாண் நீளத்தை எவ்வாறு அளப்பது? வண்டியிலுள்ள வாங்கியோ குறியீட்டோடு நின்றுவிடாது, அதனைச் சுமந்துவரும் அலையையே அளக்கின்றது. அவ்வலையின் நீளம் 19 சென்ரிமீற்றர். அதில் நூறில் ஒரு பங்கைப் பிரித்தறிய இயலுமாதலின், அளவு மில்லிமீற்றர் வரை இறங்குகின்றது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. அலைகள் யாவும் ஒன்றுபோலிருப்பன. இப்பொழுது வந்துசேர்ந்த அலையின் எப்பகுதி தன்னைத் தொடுகின்றது என்பதை வாங்கி அறியும். செய்மதிக்கும் தனக்குமிடையே எத்தனை முழு அலைகள் உள்ளன என்பதை அறியாது. அவ்வெண்ணிக்கை பத்துக் கோடிக்கும் மேற்பட்டது. அதில் ஒன்று பிசகினாலும் அத்தூரம் 19 சென்ரிமீற்றர் பிசகும்.

இச்சிக்கலைத் தீர்க்கவே மைதானத்தின் ஓரத்தில் ஒரு கம்பம் நாட்டி, அதன் உச்சியில் மற்றொரு வாங்கியை வைக்கின்றனர். இதுவே திருத்த நிலையம். செய்மதியின் கடிகாரப் பிழையும், அதன் பாதையிலுள்ள பிழையும், மேல்வளி அலையைத் தாமதிப்பதால் வரும் பிழையும் கம்பத்திற்கும் வண்டிக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இரண்டும் சில நூறு மீற்றர் இடைவெளியிலேயே உள்ளன அன்றோ? கம்பம் தான் அளந்தவற்றைச் செக்கனுக்கு ஒருமுறை வானொலி மூலம் வண்டிக்கு அனுப்புகின்றது. வண்டி இரண்டு அளவுகளையும் கழித்துப் பார்க்கப் பொதுவான பிழைகள் நீங்கிவிடுகின்றன. எஞ்சியவற்றிலிருந்து, எல்லாச் செய்மதிகளுக்கும் ஒருங்கே பொருந்தும் முழு எண்களைக் கணினி தேடிப் பிடிக்கின்றது.

வாங்கி வெளியிடும் `GGA` என்னும் வரியில் இதன் முடிவைக் காணலாம். அவ்வரியிலுள்ள தர எண் `5` எனின், முழு எண்கள் இன்னும் துணியப்படவில்லை. பல சென்ரிமீற்றர் முதல் அரை மீற்றர் அல்லது அதற்கு மேலும் பிழை இருக்கக்கூடும். வண்டி கோடிடாது நிற்றல் வேண்டும். `4` எனின், எண்கள் துணியப்பட்டுவிட்டன.

`4` வந்துவிட்டால் கவலையில்லை என்று பலர் எண்ணுகின்றனர். அதுவே தவறு. வண்டி நுட்பமாக அறிவது, கம்பத்திலிருந்து தான் எத்திசையில் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றது என்பதை மட்டுமே. அத்தூரத்தைக் கம்பத்தின் இடத்தோடு கூட்டியே தன் இடத்தைச் சொல்கின்றது. கம்பத்தின் இடத்தைக் கம்பத்துக்குச் சொன்னவர் யார்?

பெரும்பாலும் எவருமில்லை. நிலையத்தை இயக்கியவுடன், அது சில நிமிடம் தானே செய்மதிகளைக் கேட்டுச் சராசரி எடுத்து, அதனையே தன் இடமென வைத்துக்கொள்கின்றது. திரையில் இதனை `Survey-in` எனக் காணலாம். அவ்வேளையில் அதற்குத் துணைநிலையம் இல்லையாதலின், அதன் நுட்பம் மீற்றர் அளவினதே. மேல்வளியால் வரும் பிழை மெதுவாக மாறுவது; ஐந்து நிமிடச் சராசரி அதனைப் போக்காது. தவறான தராசில் நூறுமுறை நிறுத்தாலும் நிறை சரியாகிவிடுமா?

ஓர் உதாரணம் காண்போம். மைதானத்தின் நீண்ட பக்கம் கிழக்கு மேற்காக உள்ளது. அதன் தென்புற எல்லைக்கோட்டிற்குத் தெற்கே 10 மீற்றரில் கம்பம் நிற்கின்றது. கம்பத்தின் உண்மையான இடத்தைப் பூச்சியமெனக் கொள்வோம். சனிக்கிழமை நிலையம் தன்னை 80 சென்ரிமீற்றர் வடக்கே இருப்பதாகக் கணித்துக்கொண்டது. வண்டியை நான்கு மூலைகளுக்கும் ஓட்டிச் சென்று இடங்களைப் பதிந்தபொழுது, தென்புறக் கோட்டின் இடம் 10.80 மீற்றர் எனப் பதிவாயிற்று. அன்று மேற்குப் பாதி கோடிடப்பட்டது. கம்பமும் மூலைகளும் ஒரே அளவு பிசகியிருந்தமையால், கோடு சரியாகவே விழுந்தது.

இரவில் மின்சாரம் தடைப்பட்டது. ஞாயிறு காலை நிலையம் மீண்டும் இயங்கி, மீண்டும் சராசரி எடுத்து, இம்முறை தன்னை 50 சென்ரிமீற்றர் தெற்கே இருப்பதாகக் கணித்தது. வண்டி தேடுவதோ பழைய 10.80. அதனை அடைய, கம்பத்திலிருந்து 11.30 மீற்றர் வடக்கே செல்லவேண்டியதாயிற்று. கிழக்குப் பாதியின் கோடு, நேற்றைய கோட்டிலிருந்து 1.30 மீற்றர் விலகி விழுந்தது. நடுக்கோட்டில் இரண்டும் படிபோல் முறிந்து நின்றன. இவ்வளவு நேரமும் திரையில் `4` என்றே இருந்தது, அதில் பொய்யுமில்லை.

இதற்குப் பரிகாரம் எளிது. கம்பத்தை அசையாவண்ணம் நாட்டி, ஒருமுறை கண்ட இடத்தை நிலையான எண்ணாக நிலையத்தில் எழுதிவிடல் வேண்டும்; பின் மின்சாரம் நின்றாலும் அது புதிதாகக் கணிக்காது. மூலைகளை அதே வண்டியால் பதிந்தவர்களுக்கு இதுவே போதும். நில அளவையாளரின் வரைபடத்தோடு பொருந்தவேண்டுமாயின், கம்பத்தின் உண்மையிடம் தேவைப்படும். அதற்குப் பல மணிநேரப் பதிவை எடுத்து, அவுஸ்திரேலிய அரசு இலவசமாக நடத்தும் அவுஸ்போஸ் போன்ற கணிப்புச் சேவைக்கு அனுப்பினால், சென்ரிமீற்றர் அளவில் விடை கிடைக்கும்.

இன்னொரு பிசகும் உண்டு. மரத்தடியிலும் உயர்ந்த சுவரோரத்திலும் அலைகள் தெறித்து வருவதால், கணினி தவறான முழு எண்களைத் துணிந்துவிடுவதுண்டு. அப்பொழுதும் `4` தோன்றும். வாங்கியை மீளத் தொடக்கி, புதிதாக `4` வந்தபின் அதே புள்ளியை அளந்து பாருங்கள். விடை ஒரு சாண் மாறினால் இரண்டில் ஒன்று பொய்.

இவ்விரு பிசகுகளையும் காட்டிக்கொடுக்க ஒரு முளை போதும். திறந்த வெளியில் அதனை அடித்து, அதன் இடத்தை எழுதி வையுங்கள். நாள்தோறும் வேலை தொடங்குமுன் வண்டியின் வாங்கியை நேரே அதன் மேல் நிறுத்தி, எண்ணை ஒப்பிடுங்கள். மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் வேறுபட்டால், அன்று சுண்ணாம்பைக் கரைக்கவேண்டாம். முதலில் கம்பத்தைப் பாருங்கள். நூலும் முளையும் வேண்டாத வண்டிக்கும் ஒரு முளை வேண்டியே இருக்கின்றது.