மூன்றாவது தடவையும் திருத்தமா?

லெப்டொப் வாங்கிப் பத்து வாரம்தான். இரண்டு தடவை திருத்தியும் அதே கோளாறு: சூடேறியதும் திரை கறுத்துவிடுகிறது. ஜொப் ஷீட் இரண்டிலும் ‘சிப் ரீஹீட்’ என்றே எழுதியிருக்கிறார்கள். வெடித்த ஈயப்பற்றைச் சூடாக்கினால் கொஞ்ச நாளைக்குப் பிடிக்கும், பிறகு விட்டுவிடும். இப்போது மூன்றாவது தடவையும் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். நாங்கள் சம்மதிக்கவில்லை, மாற்றித்தான் கேட்கிறோம்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருள் பற்றி விற்பனை நடந்து 3 மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். விசாரித்தபின் மாற்றிக் கொடுக்கவோ பணத்தைத் திருப்பவோ சபை உத்தரவிடலாம். இன்னொரு திருத்தத்துக்குக் கொடுத்தால் அந்தக் காலம் கடையிலேயே கழிந்துவிடும்.

பற்றுச்சீட்டு, ஜொப் ஷீட் பிரதிகளோடு கடைக்குக் கடிதம் கொடுத்துவிட்டோம். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் அதே கட்டு சபைக்குப் போகும்.