டிவி மீது போடும் பழி

தாராவியில் கோலி வாடகைக்குக் கேட்டுப் போனால், டெபாசிட்டும் தண்ணீரும் பேசி முடித்த பிறகு வீட்டுக்காரர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டிவி இருக்கா? இருந்தா லைட் பில்லுக்கு மாசம் இருநூறு சேத்துக் கொடுக்கணும்." வாடகைக்கு வருபவரும் மறுப்பதில்லை, ஏனென்றால் டிவி ஓடினால் பில் எகிறும் என்று அவரும் நம்புகிறார். மாட்டுங்காவில் சொந்த ஃப்ளாட்டில் இருப்பவர்களும், பில் கூடி வந்த மாதத்தில், மாலை முழுக்க சீரியல் பார்க்கும் வீட்டுப் பெரியவரைத்தான் முதலில் முறைக்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறு, அநியாயமும்கூட.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் பெஸ்ட் மின்சாரம். செம்பூரில் அதானி அல்லது டாடா. கட்டணம் இடத்துக்கு இடம், ஸ்லாபுக்கு ஸ்லாப் மாறும் என்பதால், கணக்குக்காக யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். 32 அங்குல எல்இடி டிவி சுமார் 50 வாட் எடுக்கும். ஒரு மணி நேரத்துக்கு 40 காசு. மாலை ஏழு முதல் பதினொன்று வரை தினமும் பார்த்தாலும் மாதம் 6 யூனிட், 48 ரூபாய். 43 அங்குலம் என்றால் 80 வாட் அளவில் 77 ரூபாய் ஆகும். 55 அங்குலத்துக்கு, 120 வாட் என்று கொண்டால், 115 ரூபாய். அந்த இருநூறு ரூபாய் எந்தக் கணக்கில் வருகிறது? அந்த நான்கு மணி நேரமும் பழைய 42 அங்குல பிளாஸ்மா ஓடினால்தான் வரும். 250 வாட் இழுக்கும் அந்த ரகத்தைப் பத்தடி கோலியில் யார் வைத்திருக்கிறார்கள்?

பயத்துக்கு ஒரு காரணம், டிவியின் பின்பக்க ஸ்டிக்கர். அதில் 100 வாட், 150 வாட் என்று போட்டிருப்பது அந்த டிவி அதிகபட்சம் எடுக்கக்கூடிய அளவு. ஒலியும் வெளிச்சமும் உச்சத்தில் இருந்தால்தான் அதை நெருங்கும். நாம் பார்க்கும்போது பெரும்பாலும் அதற்கு வெகு கீழேதான் ஓடுகிறது.

இதே பயத்தைக் கடைக்காரர்களும் காசாக்குகிறார்கள். "பழைய பெட்டி டிவி கரண்டைக் குடிக்கும், இதை வாங்குங்க, மிச்சமாகிற பில்லிலேயே விலை வந்துடும்" என்பார்கள். 21 அங்குலப் பிக்சர் ட்யூப் டிவி 90 வாட் அளவில் எடுப்பது உண்மை. 43 அங்குல எல்இடியைவிட அதிகம். ஆனால் அதைத் தூக்கிவிட்டு 32 அங்குல எல்இடி வைத்தால் மாதம் மிச்சமாவது 38 ரூபாய். புது டிவி 12,000 ரூபாய் என்றால் அந்த விலை திரும்பி வர 26 வருடம் ஆகும். படம் நன்றாக இருக்கிறது என்று வாங்குங்கள், தப்பில்லை. பில் குறையும் என்று கடன் வாங்கி வாங்காதீர்கள்.

உண்மையில் கண்ணில் படாமல் தின்பது டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் செட்டாப் பாக்ஸ். ரிமோட்டில் டிவியை அணைத்ததும் எல்லாம் அணைந்துவிட்டதாக நினைக்கிறோம். பாக்ஸ் அணைவதில்லை. அதன் ரிமோட்டை அழுத்தி விளக்கு நிறம் மாறினாலும், பல பாக்ஸ்கள் கிட்டத்தட்ட அதே மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். 10 வாட் என்றால் மணிக்கு 8 காசுதான். ஆனால் 24 மணி நேரமும் ஓடுவதால் மாதம் 7.2 யூனிட், 58 ரூபாய். 32 அங்குல டிவி தின்பதைவிட இது அதிகம்.

என் பேச்சை நம்ப வேண்டாம், மீட்டரைப் பாருங்கள். எலக்ட்ரானிக் மீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு மினுங்கும். பக்கத்தில் 3200 imp/kWh என்பதுபோல் எழுதியிருக்கும். 3200 தரம் மினுங்கினால் ஒரு யூனிட். ஃப்ரிட்ஜ், ஃபேன், விளக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு டிவியையும் பாக்ஸையும் மட்டும் ஓடவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் 16 தரம் மினுங்கினால் இரண்டும் சேர்ந்து 60 வாட். பிறகு டிவியை மட்டும் ரிமோட்டில் அணையுங்கள். மினுங்கல் நிற்காது. கால் மணி நேரத்தில் எட்டு தரம் வந்தால், அது பாக்ஸின் 10 வாட். வேறு எண் போட்ட மீட்டர் என்றால் கணக்கை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் சப்மீட்டர் வைத்திருந்தால் அதிலும் இதைச் செய்யலாம். இருநூறு ரூபாய்ப் பேச்சு வரும்போது இந்த எண்ணைக் காட்டுங்கள்.

பில் கூடியதற்குக் காரணம் தேடினால் தலைக்கு மேலே பாருங்கள். ஜன்னல் இல்லாத அறையில் சாதாரண ஃபேன் 75 வாட்டில் நாளுக்கு 20 மணி நேரம் சுற்றுகிறது. மாதம் 45 யூனிட், 360 ரூபாய். அதை நிறுத்தச் சொல்லவில்லை, மும்பைப் புழுக்கத்தில் அது முடியாது. 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் மாட்டினால் மாதம் 27 யூனிட் குறையும். ஒரு மாதத்தின் சீரியல் முழுவதையும் நிறுத்தினாலும் 6 யூனிட்தான்.

பாக்ஸுக்கு ஒரு தனி சுவிட்ச் போட்டுவிட்டு, படுக்கப் போகும்போது சுவரிலேயே அணைத்துவிடுங்கள். மறுநாள் மாலை அது விழித்துச் சேனல் காட்ட ஓரிரு நிமிடம் பிடிக்கும். பாட்டி அதற்குக் காத்திருப்பார்.