காளையும் கல்தூணும்

நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில், முரண்டு பிடிக்கும் காளையின் கயிற்றைக் கல்தூணில் இரு சுற்றுச் சுற்றி ஒருவரே பிடித்து நிறுத்திவிடுவார். மாணவர்களே, இதற்கான சூத்திரத்தை மனப்பாடம் செய்யாதீர்கள், வருவித்துப் பாருங்கள்.

கயிற்றின் இழுவிசை T. dθ என்னும் சிறு கோணத்தில் அது தூணை Tdθ விசையுடன் அழுத்துகிறது. வழுக்கத் தொடங்கும் தறுவாயில் அங்கே உராய்வு μTdθ. இழுவிசை கூடுவதும் அவ்வளவே. எனவே,

dT/T = μdθ

தொகையிட்டால்,

T₂ = T₁e^(μθ)

உராய்வுக் குணகம் μ = 0.3 என்க. ஒரு சுற்றுக்கு (θ = 2π) 6.6 மடங்கு. இரு சுற்றுக்கு 13 மடங்கன்று, 43 மடங்கு! 200 கிலோ இழுப்பைத் தடுக்க 5 கிலோ பிடி போதும். கயிறு வழவழத்து μ பாதியானாலோ 30 கிலோ வேண்டும்.

தூணின் பருமன் சூத்திரத்தில் எங்கே? வருவித்தவருக்குத்தான் தெரியும்: தூண் பருத்தால் கயிறு தொடும் நீளம் கூடும், அழுத்தம் அதே அளவு பரவிக் குறையும்.